முந்தைய ஷிப்ட் எழுதாமல் விட்டது

ஷிப்டுக்கு வந்தவர் முதலில் ஹேண்டோவர் நோட்டைப் படிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் புது வேலையைத் தொட வேண்டும் என்பது பல ஆஸ்பத்திரிகளிலும் ஆலைகளிலும் எழுதிவைத்த விதி. வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை நிற்கும்போது இந்த விதி தாங்குமா? தாங்கினாலும் படிப்பதால் என்ன கிடைக்கிறது?

திருப்பதியில் இது ஏட்டுக் கேள்வியாக இருக்க முடியாது. 2021 மே 10 இரவு அங்குள்ள ரூயா அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் அழுத்தம் விழுந்தது. அரசுக் கணக்கின்படி 11 கோவிட் நோயாளிகள் இறந்தார்கள். சப்ளையை மறுபடி ஏற்ற ஐந்து நிமிடம் ஆயிற்று என்று அன்றைய சித்தூர் மாவட்ட ஆட்சியர் சொன்னார். (திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான்.) தமிழ்நாட்டிலிருந்து வரவேண்டிய டேங்கர் தாமதமானதே காரணம் என்று பேசப்பட்டது. அதை ஷிப்ட் மாற்றத்தின் தலையில் கட்ட எந்த ஆதாரமும் இல்லை, நானும் கட்டவில்லை. ஆனால் ஆக்சிஜன் தொட்டி என்ற அந்த ஒரு பொருளை வைத்து நம் விதியை எடைபோடலாம். ஒரு ஷிப்டின் கணக்கு அடுத்த ஷிப்டின் உயிராக மாறுவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரவு எட்டு மணிக்கு வந்தவர் பார்க்கும்போது தொட்டியில் 3,500 லிட்டர் திரவ ஆக்சிஜன் இருக்கிறது. மட்டம் காட்டும் கருவி அவ்வளவுதான் சொல்லும். முந்தைய ஷிப்ட், மணிக்கு 350 லிட்டர் போகிறது என்று எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வருகிறது: பத்து மணி நேரம், காலை ஆறு வரை. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 860 லிட்டர் வாயு. 500 நோயாளிகளுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பத்து லிட்டர் கொடுத்தால் மணிக்கு 350 லிட்டர் திரவம்தான் செலவாகும். டேங்கர் விடிகாலை ஐந்துக்கு வருகிறது என்றும் எழுதியிருக்கிறது. கவலை இல்லை.

இப்போது வரிசைக்கு வருவோம். வாசலில் நிற்பவர்களில் முப்பது பேருக்கு உயர் ஓட்டக் கருவி போடுகிறார்கள், ஆளுக்கு நிமிடத்துக்கு 50 லிட்டர். மணிக்கு இன்னும் நூறு லிட்டருக்குச் சற்றுமேல் கூடுகிறது. பத்து மணி நேரம் ஏழே முக்கால் ஆகிறது. தொட்டி விடிகாலை மூன்றே முக்காலுக்கே வெறுமையாகும், டேங்கர் ஐந்துக்கு. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு புது நோயாளியும் ஏற்கெனவே படுத்திருக்கும் ஐந்நூறு பேரின் நேரத்திலிருந்து கொஞ்சம் எடுக்கிறார். நோட்டைப் படிக்காதவருக்கு இது தெரிய வழியில்லை, ஏனென்றால் அவர் முன்னால் இருப்பது வெறும் 3,500 என்ற எண்தான். அதிலும், ஒரே நேரத்தில் இழுப்பு கூடினால் திரவத்தை வாயுவாக்கும் குழாய்களில் பனி கட்டி, தொட்டியில் சரக்கு இருந்தும் அழுத்தம் இறங்கலாம்.

ஒற்றை எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு போபாலைவிடக் கொடிய சான்று இல்லை. 1984 டிசம்பர் 2 இரவு 10.20 மணிக்கு யூனியன் கார்பைடு ஆலையின் 610-ஆம் எண் தொட்டியில் அழுத்தம் 2 என்று பதிவானது. 10.45 மணிக்கு ஷிப்ட் மாறியது. 11 மணிக்கு வந்த ஆள் பார்த்தபோது 10. தொட்டியின் வழக்கமான வரம்பு 2 முதல் 25 வரை, அதனால் 10 என்பது சாதாரணம். நாற்பது நிமிடத்தில் ஐந்து மடங்கு ஏறியது சாதாரணமே அல்ல. ஆனால் அந்த ஏற்றத்தைக் காண இரண்டு எண்களும் ஒரே கண்ணில் பட வேண்டும், ஒன்று போன ஷிப்டிடம் இருந்தது.

பார்த்திருந்தாலும் போதுமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. அந்தத் தொட்டியிலிருந்து சரக்கை வெளியே தள்ள நைட்ரஜனால் அழுத்தம் ஏற்றுவது வழக்கம். முந்தையவர்கள் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள புதியவருக்கு இடம் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்த்திருக்கக்கூடியது ‘நாங்கள் நைட்ரஜன் ஏற்றவில்லை’ என்ற ஒரு வரி. நோட்டுகளில் செய்ததைத்தான் எழுதுகிறோம். செய்யாததை எழுதும் பழக்கம் யாருக்கு இருக்கிறது? வாயால் சொன்னதும் இப்படித்தான் விட்டுப்போகிறது. சித்தூர்ப் பக்கத்தில் எழுத்து ஆங்கிலத்திலும் பேச்சு தெலுங்கும் தமிழும் கலந்தும் ஓடும். ‘அந்த மூணாம் பெட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க சிஸ்டர்’ என்று போகிற போக்கில் சொன்னது நோட்டில் ஏறாது. அதுதான் பெரும்பாலும் முக்கியமானதாக இருக்கும்.

எதிர்வாதத்துக்கும் வலு உண்டு. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். அங்கே இரவு ஷிப்ட் காகிதத்தைப் பார்க்காமல் இல்லை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றதும் மாற்றுப் பம்பின் பராமரிப்பு அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை என்று கண்டு அதை ஓட்டினார்கள். அதே பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது என்ற இன்னொரு சீட்டு அவர்கள் கையில் இல்லை. படித்தவர்களையும் படிப்பு காப்பாற்றவில்லை. படிக்காமல் இருந்திருந்தால் தயங்கியாவது இருப்பார்களோ என்று கேட்கலாம். ஒரு சீட்டைப் பார்த்ததே எல்லாம் பார்த்த நிம்மதியைத் தந்துவிடுகிறது. எழுத்து எப்போதும் உண்மை சொல்லும் என்றும் இல்லை. போபால் இரவின் பதிவேடுகளே பிறகு திருத்தப்பட்டன என்று கார்பைடின் விசாரணைக் குழு வாதிட்டது.

ஆகவே விதி சரி, ஆனால் அதன் வடிவம் தவறு என்பதே என் தீர்ப்பு. மூச்சுத் திணறி வந்தவருக்கு முன்னால் நோட்டைப் புரட்டச் சொல்வது அபத்தம், அவரை உடனே பார்த்தாக வேண்டும். பொதுத் தொட்டியிலிருந்து எடுக்கும் அடுத்த வேலைக்கும், முந்தையவர் நிறுத்தி வைத்ததை மறுபடி ஓட்டும் வேலைக்கும் நோட்டு கட்டாயம். அந்த இரண்டில் விலக்கு கூடாது. நோட்டிலும் நீண்ட அறிக்கை வேண்டாம். இப்போதைய அளவு, நான்கு மணி நேரம் முன்பிருந்த அளவு, என் ஷிப்டில் செய்யாமல் விட்டது, பிரித்துப் போட்டது. இவ்வளவு போதும். படிக்க வேண்டிய இடம் நர்ஸ் மேசை அல்ல, தொட்டியின் முன். போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து நின்று மட்டத்தைப் பார்த்து, எண்ணை வருகிறவர் தன் கையால் எழுத வேண்டும். இதற்கு இரண்டு பேரின் ஷிப்டும் பத்து நிமிடமாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற பெயரில் முதலில் வெட்டப்படுவதும் அந்தப் பத்து நிமிடம்தான்.