நகராத ஸ்வரத்தைக் கேளுங்கள்

பாட்டு கேட்கும்போது நம் காது பாடகரின் பின்னாலேயே போய்விடும். பியானோ வாசிப்பவர் பின்னணியில் கார்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் அவரைப் பற்றிய நம் நினைப்பு. ஆனால் அதே நான்கு கார்டுகளை இரண்டு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருவர் கையில் அவை ஒவ்வொன்றாக வந்து இடிக்கும். இன்னொருவர் கையில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். கார்டுகள் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. மாறியது ஸ்வரங்களை அடுக்கிய விதம். அந்த அடுக்கைக் காதால் பிரித்துக் கேட்கப் பழகினால் பின்னணி வாசிப்பே தனியாக ரசிக்கத் தக்கதாகிவிடும்.

பீட்டில்ஸ் குழுவின் ‘லெட் இட் பி’ (1970) பாடல் சி மேஜர், ஜி மேஜர், ஏ மைனர், எஃப் மேஜர் என்று தொடங்குகிறது. மேற்கத்திய மெல்லிசையில் இந்த நான்கும் சுற்றிச் சுற்றி வரும் பாடல்கள் ஏராளம். நமக்குப் பழகிய ஸ்வரங்களில் சொல்லிப் பார்ப்போம். ஒரு கட்டையில் ஸ வைத்தால், சி மேஜர் என்பது ஸ க ப. ஜி மேஜர் ப நி ரி. ஏ மைனர் த ஸ க. எஃப் மேஜர் ம த ஸ. எல்லாம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தாம்.

புதிதாகக் கற்றவர் இதை எப்படி வாசிப்பார்? மூன்று விரலையும் ஒரே அச்சில் வைத்துக்கொண்டு, கார்டுக்குப் பெயர் தரும் மூல ஸ்வரம் எப்போதும் அடியில் இருக்கும்படி, கையை அப்படியே தூக்கித் தூக்கி வைப்பார். ஸ க ப அடித்துவிட்டு, கையைக் கீழே இறக்கி ப நி ரி. பிறகு கொஞ்சம் மேலே த ஸ க. மறுபடி கீழே ம த ஸ. அங்கிருந்து ஒரே தாவலாகப் பழைய ஸ க ப. கறுப்புக் கட்டைகளையும் சேர்த்து எண்ணினால், ஒரு சுற்று முடிய மூன்று விரலும் சேர்ந்து 52 கட்டை தூரம் நகர்ந்திருக்கும்.

கைப்பழக்கம் உள்ளவர் வேறு மாதிரி யோசிப்பார். ஸ க ப-விலிருந்து ஜி மேஜருக்குப் போக வேண்டும். இரண்டிலும் ப இருக்கிறது. அந்த விரல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஸ ஒரு கட்டை இறங்கினால் நி. க இரண்டு கட்டை இறங்கினால் ரி. ஆக, கீழிருந்து நி ரி ப. இதுவும் ஜி மேஜர்தான். ப அடியிலிருந்து உச்சிக்குப் போயிருக்கிறது. அடுத்து மூன்று விரலும் கொஞ்சம் ஏறினால் ஸ க த, அதாவது ஏ மைனர். அதில் நடுவிரல் மட்டும் க-விலிருந்து ஒரே ஒரு கட்டை ஏறி ம-வுக்குப் போனால் ஸ ம த: எஃப் மேஜர் வந்துவிட்டது. திரும்பி ஸ க ப-வுக்கு வர, ம ஒரு கட்டை இறங்குகிறது, த இரண்டு கட்டை இறங்குகிறது, ஸ அசையவே இல்லை. முழுச் சுற்றுக்கும் சேர்த்து 12 கட்டை தூரம்.

இப்போது அந்த மூன்று விரல்களையும் மூன்று பாடகர்களாக நினைத்து ஒவ்வொருவர் பாடுவதையும் தனியாகப் பாடிப் பாருங்கள். கீழே இருப்பவர் ஸ நி ஸ ஸ. நடுவில் இருப்பவர் க ரி க ம. மேலே இருப்பவர் ப ப த த. ஒவ்வொன்றும் குழந்தைகூடப் பாடக்கூடிய சின்ன மெட்டு. வாய்ஸ் லீடிங் என்று மேற்கத்திய இசையில் சொல்வது இதைத்தான். நம் ஊர் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நான்கு குரலாகப் பிரித்துப் பாடும் குழுவில் ஆல்டோ பாடியவர்களுக்கு இது அனுபவப் பாடம்: பாதிப் பாட்டு ஒரே ஸ்வரத்தில் நின்று, எப்போதாவது ஒரு படி ஏறி இறங்குவதுதான் அவர்கள் பங்கு. சலிப்பாக இருக்கிறது என்று புலம்புவார்கள். ஆனால் கார்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்பது அவர்களால்தான்.

ஆகவே முதல் பயிற்சி, மாறுவதைக் கேட்பதல்ல; மாறாததைக் கேட்பது. கார்டு மாறும் கணத்தில் எந்த ஸ்வரம் அப்படியே நிற்கிறது என்று தேடுங்கள். முதல் மாற்றத்தில் ப நிற்கிறது. ஸ-வோடு இருந்தபோது ஐந்தாம் ஸ்வரமாக இருந்த அதே ப, ஜி மேஜரில் தானே மூலமாகிவிடுகிறது. ஒலி ஒன்று, அதன் வேலை வேறு. அந்த ஒட்டைக் காது பிடித்துவிட்டால், அதைச் சுற்றி நகர்ந்தவை தானாகக் கேட்கத் தொடங்கும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வலது கையில் நி ரி ப என்று வைத்ததும் இன்வெர்ஷன் வாசித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கூடவே இடது கை கீழே ப-வை அடித்தால் கேட்பவருக்கு அது நேரான ஜி மேஜர்தான். மொத்த ஒலியில் எது ஆக அடியில் இருக்கிறதோ, அதுதான் கார்டு நிற்கும் நிலையைத் தீர்மானிக்கிறது. வலது கை மாற்றியடுக்குவது வழுக்கலைத் தரும். இடது கை மாற்றினால் கார்டின் குணமே மாறும். மூல ஸ்வரம் அடியில் இருந்தால் கார்டு உட்கார்ந்துவிட்ட மாதிரி இருக்கும். மூன்றாம் ஸ்வரம் அடியில் இருந்தால் இலகுவாக, எங்கோ கிளம்பிக்கொண்டிருப்பது போல ஒலிக்கும். ஐந்தாவது அடியில் இருந்தால் இன்னும் நிலையில்லை. ஸ-வின் கார்டுக்கு அடியில் ப வந்தால், பெரும்பாலும் அடுத்து ஜி மேஜர் வந்து பின் முடியப் போகிறது என்று காது எதிர்பார்க்கும்.

‘லெட் இட் பி’யிலேயே இதைக் கேட்கலாம். வரி முடியும் இடத்தில் எஃப் மேஜரிலிருந்து சி மேஜருக்கு வர வேண்டும். நேராகத் தாவாமல், அடியில் ம க ரி ஸ என்று படிப்படியாக இறங்குகிறது பியானோ. இரண்டாவது படியில் இருப்பது சி மேஜர்தான், ஆனால் அடியில் ஸ இல்லை, க இருக்கிறது. வீட்டுக் கார்டு வந்தும் வீடு வந்து சேராத உணர்வு அங்கே இருக்கிறது. அந்த ஒரு க இல்லாவிட்டால் இறக்கம் ஒரு படிக்கட்டாகாது.

இதற்கெல்லாம் பெரியப்பா பாக். ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ முதல் நூலை (1722) திறந்து வைக்கும் சி மேஜர் பிரெலூடில் மெட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு அளவுக்கு ஒரு கார்டு, அதைப் பிரித்துப் பிரித்து இருமுறை வாசிப்பது, இதுதான் ஏறக்குறைய கடைசிவரை. பின்னணி மட்டும் இருக்கும் இசை. சுமார் 130 ஆண்டு கழித்து கூனோ அதன்மேல் ஒரு மெட்டை வைத்தார்; அதுதான் உலகம் முழுக்கக் கல்யாணங்களில் ஒலிக்கும் ‘ஆவே மரியா’. பாக் எழுதியது அதற்குத் துணை வாசிப்பாகவே ஆகிவிட்டது.

அதன் முதல் நான்கு அளவுகள் போதும். முதலாவது கீழிருந்து ஸ க ப, மேல் ஸ, மேல் க. இரண்டாவதில் டி மைனர் கார்டு வருகிறது, ஆனால் அடியில் பழைய ஸ அப்படியே நிற்கிறது: ஸ ரி த, மேல் ரி, மேல் ம. ஸ-வும் ரி-யும் அருகருகே உரசுகின்றன. ஒரு நொடி முன்பு ஆக உறுதியாக இருந்த ஸ, தான் அசையாமலேயே இடைஞ்சலாகிவிட்டது. மூன்றாவது அளவில் அந்த உரசல் தாங்காமல் ஸ ஒரு கட்டை இறங்கி நி ஆகிறது. ரி-யும் மேலே இருக்கும் ரி, ம இரண்டும் நிற்கின்றன. நடுவில் த மட்டும் ப-வுக்கு இறங்குகிறது. இப்போது அடியில் நி, உச்சியில் ம. இந்த இரண்டும் சேர்ந்தால் வெளியேற வழி தேடும். நான்காவது அளவில் நி ஏறி ஸ-வுக்கும், ம இறங்கி க-வுக்கும் போய் முதலாவது அளவு அப்படியே திரும்ப வருகிறது. ஐந்து குரல்கள், மூன்று மாற்றங்கள். எந்தக் குரலும் ஒரு தடவைகூட இரண்டு கட்டைக்கு மேல் தாண்டவில்லை.

கேட்கும் முறை எளிது. முதல் முறை அடி ஸ்வரத்தை மட்டும் முணுமுணுங்கள்: ஸ ஸ நி ஸ. அடுத்த முறை உச்சியை மட்டும்: க ம ம க. அடியும் உச்சியும்தான் காதுக்குச் சுலபம். நடுக்குரல்கள் பிடிபடச் சில நாள் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம்.

எங்கே கெட்டுப்போகும் என்பதும் ரசிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் குற்றவாளி பெடல். ஸ-வும் நி-யும் ஒரு கட்டை தூரம். பெடலை மிதித்தபடியே கார்டு மாற்றினால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து குழம்பிவிடும். தேர்ந்தவர் புதிய கார்டு விழும் அதே கணத்தில் பெடலை விட்டு, உடனே மறுபடி மிதிப்பார். பழையது அறுந்து புதியது ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, தாழ்ந்த பகுதியில் நெருக்கமாக அடுக்குவது. பியானோவின் இடது கோடியில் ஸ-வையும் க-வையும் சேர்த்து அடித்தால் உறுமல்தான் மிஞ்சும். அங்கே ஒற்றை ஸ்வரமோ ஆக்டேவோதான் தெளிவாக ஒலிக்கும்.

மூன்றாவது நுட்பமானது. நம் சுற்றில் ஜி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போகும்போது மூன்று விரலும் மேலே ஏறின. இடது கையும் ப-விலிருந்து த-வுக்கு ஏறினால், அடியும் உச்சியும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே நடக்கும். ஒரு குரல் காணாமல் போன மாதிரி அந்த இடம் சட்டென்று மெலிந்துவிடும். மெல்லிசையில் இதை யாரும் குறையாகச் சொல்வதில்லை, நானும் சொல்ல மாட்டேன். ஆலயப் பாடல்களுக்கு நான்கு குரல் எழுதுபவர் மட்டும் விடமாட்டார்: அடி ஏறும்போது மேலே இருப்பவற்றில் ப-வைக் க-வுக்கும் ரி-யை ஸ-வுக்கும் இறக்கி, நி-யை ஸ-வுக்கு ஏற்றிவிடுவார். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் வித்தியாசம் புரியும்.

அருகிலுள்ள ஸ்வரத்துக்கே போவது என்பதையே மந்திரமாக வைத்துக்கொண்டாலும் சிக்கல் உண்டு. ஜாஸ் வாசிப்பவர்களின் ‘ஆட்டம் லீவ்ஸ்’ போன்ற பாடல்களில் கார்டுகள் சங்கிலியாக வரும். ஒவ்வொரு மாற்றத்திலும் சில குரல்கள் நிற்கும், மற்றவை இறங்கும், எதுவும் ஏறாது. விட்டால் கை பியானோவின் அடித்தளத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வரி முடியும் இடத்தில், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில், கையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு மறுபடி இறங்கத் தொடங்குவார்கள். பல்லவி வெடிக்கும் இடத்திலும் அப்படியே. அங்கே வழுக்கிக்கொண்டு நுழைந்தால் பாட்டு எழும்பாது. இரண்டு கையும் விரிந்து, மூலம் அடியில், ஒரு முழுத் தாவல். அதற்கடுத்த கார்டிலிருந்து விரல்கள் மறுபடி அருகிலேயே நகரும்.