ஒரு விசை, இரு கட்டளைகள்

கணிப்பொறியின் விசைப்பலகையில் வலப்புறம் உள்ள பெரிய விசையைச் சிலர் 'எண்டர்' என்பர். சிலர் 'ரிட்டர்ன்' என்பர். முன்னதற்கு 'உட்செலுத்து' என்று பொருள். பின்னதற்குத் 'திரும்பிச் செல்' என்று பொருள். ஒரு விசைக்கு இரு பெயர்கள் வந்தது எவ்வாறு? இவ்வமைப்பு முறையானதுதானா?

'திரும்பிச் செல்' என்பது தட்டச்சுப் பொறியின் ஆணை. அதில் தாளைத் தாங்கிய வண்டி ஒவ்வோர் எழுத்துக்கும் சற்றே இடப்புறம் நகரும். வரி முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளினால், முதலில் உருளை சுழன்று தாள் ஒரு வரி மேலேறும்; பிறகு வண்டி வலப்புறம் ஓடி, வரியின் தொடக்கம் அச்சுக்கு நேராக வந்து நிற்கும். ஒரே கையசைவில் இரண்டு வேலைகள்! இன்றைய விசையில் உள்ள வளைந்த அம்பு, கீழே இறங்கி இடப்புறம் திரும்புவது இவ்விரண்டையும் குறித்தே.

தொலை அச்சுப் பொறியில் இவை தனித்தனி ஆணைகளாயின. 1963இல் உருவான ஆஸ்கி குறியீட்டில் அச்சுமுனை திரும்புவதற்கு 13ஆம் எண். தாள் நகர்வதற்கு 10ஆம் எண். அக்காலத்து டெலிடைப் 33 வினாடிக்குப் பத்து எழுத்துகள் அச்சிடும். ஆனால் வரியின் கடைசியிலிருந்து அச்சுமுனை திரும்பிவர அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். எனவே முதலில் 13, அடுத்து 10 என அனுப்பினர். தாள் நகரும் அந்த நேரத்தில் அச்சுமுனை தொடக்கத்தை அடைந்துவிடும். வரிசையை மாற்றினாலோ, அடுத்த எழுத்து பாதிவழியில் தாளின் நடுவே பதிந்துவிடும். ஆகவே இந்தப் பிரிவினை அறிவுடைய ஏற்பாடே.

திரையில் ஓடுவதற்கு வண்டி ஏது? ஆயினும் எண்கள் நிலைத்தன. யூனிக்ஸ் 10ஐ மட்டும் கொண்டது, எம்.எஸ்.டாஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. டாஸ் கோப்பை யூனிக்ஸில் திறந்தால் சில வேளைகளில் வரிதோறும் `^M` தோன்றும். ஆங்கிலத்தில் M பதின்மூன்றாம் எழுத்தன்றோ!

'உட்செலுத்து' வேறு வழியில் வந்தது. 1971இல் ஐ.பி.எம். வெளியிட்ட 3270 முனையங்களில், படிவத்தைத் திரையிலேயே நிரப்பித் திருத்தியபின் எண்டரை அழுத்தினால்தான் அது மையக் கணிப்பொறிக்குச் செல்லும். புதுவரிக்கு வேறு விசை இருந்தது. 1984இன் மெக்கின்டாஷிலும் இரண்டும் தனித்தனியே இருந்தன. ஆனால் 1981இன் ஐ.பி.எம். பி.சி.யில் புதுவரிக்கும் கட்டளையை முடிப்பதற்கும் ஒரே விசை. அவ்வழக்கமே பரவியது.

வண்டியின் பழைய பெயர் நிலைத்திருப்பதைக் குறையெனச் சொல்வதற்கில்லை. வரியை முடிப்பதையும் செய்தியை அனுப்புவதையும் ஒரே விசையில் இணைத்ததே குறை. முன்னதை எளிதில் அழித்துத் திருத்தலாம். பின்னதைத் திரும்பப் பெறுவது கடினம். பத்தி பிரிக்க எண்ணி விசையைத் தட்டியதும் பாதிக் கடிதம் போய்விடுவது இதனால்தான். 'ஷிப்ட்' விசையைச் சேர்த்து அழுத்துவது பல நிரல்களில் மாற்று வழி. சிலவற்றில் அதுவும் வேறுபடுகிறது. 3270இல் இருந்த இரு விசைகளே தெளிவான தீர்வு.