எட்டாம் வேற்றுமைக்கு அடங்காத பிராணி

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழியை யார் எந்தக் காலத்தில் கட்டிவிட்டாரோ, அந்த ஒரு வாக்கியத்தின் நிழலில் நின்றுகொண்டே நம்மவர்கள் இன்றுவரை இந்தப் பிராணியைக் கண்டு ஒதுங்குகிறார்கள். அலோர் காஜாவில் பூனை வளர்க்காத தெருவில்லை. பறவைக் கூண்டு தொங்காத தாழ்வாரமில்லை. ஆனால் ஆமை என்றதும் முகம் சுளிக்கிறது. மேடைப் பேச்சாளர்களோ, பழமொழி கூறும் ஆமை பொறாமையும் கல்லாமையுமே என்று சொற்சிலம்பம் ஆடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு, உண்மையான ஆமையைத் திரும்பியும் பாராமல் இறங்கிவிடுகிறார்கள். இவர்களைக்கூட மன்னித்துவிடலாம். துணிந்து ஆமையை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட பின்பும், "கூப்பிட்டால் வரவா போகிறது, அதற்குப் பெயர் எதற்கு?" என்று கேட்கிறவர்களை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

அடிப்படை விஷயங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்திலேயே பாடாங் கெமுந்திங் கரையில் வந்து முட்டையிடும் அழுங்காமை கடலுக்கு உரியது, வீட்டுக்கு ஆகாது. நட்சத்திர ஆமை அழகுதான். ஆனால் 2019 முதல் அதன் சர்வதேச வியாபாரம் தடுக்கப்பட்டிருப்பதால், மலிவாய் யாரேனும் நீட்டினால் கைகட்டி நில்லுங்கள். கடைக்காரர்கள் சுல்காட்டா என்று சொல்லும் ஆப்பிரிக்க நிலத்தாமையே நம்மவர் கைக்கு வழக்கமாக வருவது; அதற்கும் வனவிலங்குத் துறையாகிய பெர்ஹிலித்தானில் விசாரித்து, உரிய பத்திரத்தோடு வாங்குவதே முறை. புல்லும் கீரையும் தின்னும், மண்ணைத் தோண்டும், அரை நூற்றாண்டைச் சாதாரணமாகக் கடக்கும். உள்ளங்கை அளவில் இருக்கும்போது ஆணா பெண்ணா என்று உருவத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் வளர்ந்த பின்பே வயிற்றோட்டின் குழிவும் வாலின் நீளமும் அதைச் சொல்லும். இந்தக் கடைசிச் செய்தி பெயரிடுவோருக்கு மிக முக்கியமானது.

இனி என் உள்ளத்துக்கு உகந்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர்கள் இரண்டு ஜாதி: விளிக்கும் பெயர் ஒன்று, பேசும் பெயர் மற்றொன்று. நாய்க்கு வைப்பது விளிக்கும் பெயர். வாசலில் நின்று நீட்டி முழக்கினால் தெருக்கோடியில் கேட்க வேண்டும், கேட்டதும் அது ஓடிவர வேண்டும். இலக்கணக்காரர் சொல்லும் எட்டாம் வேற்றுமையிலேயே அந்தப் பெயரின் ஜீவன் இருக்கிறது. ஆமையோ எட்டாம் வேற்றுமைக்கு அடங்காத பிராணி. அதன் பெயரை நாம் அதனிடம் சொல்வதில்லை. ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்கிறோம். "அதைக் காணோமே", "அதற்குக் கீரை வைத்தாயா", "அதன் முதுகைக் கழுவினாயா" என்ற மூன்று வாக்கியங்களுக்குள் ஒரு குடும்பம் தன் ஆமையைப் பற்றி நாள்தோறும் பேசுவதில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆகவே, ஆமையின் பெயர் வாழ்வது இரண்டாம் வேற்றுமையிலும் நான்காம் வேற்றுமையிலும் ஆறாம் வேற்றுமையிலும்தான். பெயர் வைக்கப் போகிறவர் செய்ய வேண்டிய முதற் காரியம், மனத்தில் தோன்றிய பெயரை உரக்கக் கூவிப் பார்ப்பதன்று. அதன் பின்னால் ஐயும் குவ்வும் சேர்த்து, சோறு பிசையும்போது பேசுகிற குரலில் ஒரு வாரம் சொல்லிப் பார்ப்பதாகும்.

அப்படிச் சொல்லிப் பார்த்தால் எத்தனை கம்பீரமான பெயர்கள் காலொடிந்து விழுகின்றன! 'கச்சபேசுவரன்' என்று ஒருவர் வைத்தார். காஞ்சியிலே திருமால் ஆமையுருக் கொண்டு சிவனை வழிபட்ட தலத்தின் பெயர், குறை சொல்ல இடமில்லை. ஆனால் 'கச்சபேசுவரனுக்குக் கீரை' என்று மூன்று நாள் சொன்ன வீட்டார், நான்காம் நாள் 'அதுக்கு' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'அது' என்று குறுகிய கணமே பெயர் செத்தது. இகர ஈறும் ஐகார ஈறும் உருபை இலகுவாக ஏற்கும். 'ன்' என்று முடிவதோ வினையையும் 'வந்தான்' என்று இழுத்துக்கொண்டு வரும். பிற்காலத்தில் அந்த 'வந்தான்' முட்டையிட்டால் என்ன செய்வது? பழைய இலக்கணத்தில் விரவுப்பெயர் என்று ஒரு வகை உண்டு. சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என்று மனிதனுக்கும் எருதுக்கும் பொதுவாக நிற்பது. இன்றைய காதுக்கு அந்தப் பொதுமை போய்விட்டபடியால், நாம் தேட வேண்டியது 'வந்தது' என்று முடித்தாலும் உறுத்தாத பெயரையே.

இதை நான் மிகைப்படுத்துவதாக நினைப்பவர்கள், ஆஸ்திரேலியாவில் 2006-இல் ஏறத்தாழ 175 வயதில் இறந்த ஹாரியட்டை எண்ணிப் பார்க்கட்டும். அது பெண் என்று தெரியவருமுன் பல தலைமுறைகள் அதை ஹாரி என்ற ஆண் பெயராலேயே அறிந்திருந்தன. கில்பர்ட் ஒயிட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தம் அத்தை இறந்தபின் 1780-இல் சுதந்தரமாகப் பெற்ற திமோத்தி என்ற ஆமையும் பெண்தான் என்பது, அது இறந்த பிறகு ஓட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இதற்கு மாறாக, கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச் சாலையில் 2006 மார்ச்சில் மாண்ட முதிய ஆமைக்கு வாய்த்த அத்வைதா என்ற பெயரைப் பாருங்கள். அது ராபர்ட் கிளைவிடம் இருந்ததென்றும் அதன் வயது 250 என்றும் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். இரண்டற்றது என்ற பொருள் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், கூண்டில் தனியாக நின்ற கிழத்துக்கும் பொருந்தும்.

பெயரிட அவசரமும் வேண்டாம். செயின்ட் ஹெலினா தீவில் இன்னும் ஜீவித்திருக்கும் ஜோனதன், நம் நானிங் போர் ஓய்ந்த 1832-ஆம் ஆண்டை ஒட்டிப் பொரிந்ததாகக் கருதப்படுவது. அது தீவுக்கு வந்தது 1882-இல். ஸ்பென்சர் டேவிஸ் என்ற ஆளுநர் அதற்கு ஜோனதன் என்று பெயரிட்டதோ 1930-களில். அரை நூற்றாண்டு அது பொறுத்திருந்தது; நீங்கள் ஒரு மாதம் பொறுக்கலாகாதா?

மேலோட்டமான பெயர்களில் தலையாயது வேடிக்கைப் பெயர். மெதுவாக நடக்கும் பிராணிக்கு மின்னல், ராக்கெட், டர்போ என்று வைத்துவிட்டு, வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கிறவர்கள், ஒரே நகைச்சுவையை அறுபது வருஷம் பரிமாற எண்ணுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சிறிதாகவும் நிதானமாகவும் இருக்கிறதென்று அந்நாளில் தெருவெங்கும் ஓடிய காரின் பெயரால் ஆமைக்குக் கஞ்சில் என்று வைத்தார்கள். அந்தக் காரின் உற்பத்தி 2009-இல் நின்றது, ஆமை நிற்கவில்லை. இன்று பேரன் காரணம் கேட்கும்போது தாத்தா முதலில் காரை விளக்கி, பிறகு சிரிப்பை விளக்க வேண்டியிருக்கிறது. சினிமா நாயகர் பெயரும் அப்படியே. எண் சாஸ்திரக்காரரிடம் எழுத்துக் கேட்டு, 'ஷ்' என்று சீறி முடிகிற பெயர்களைச் சூட்டும் நவநாகரிகத்தைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் பத்திரிகையில் இடம் போதாது.

இவற்றுக்கெல்லாம் நான் கண்ட உரைகல் ஒன்றே: பொக்கைவாய். நாலு தலைமுறை கூடி வாழும் வீட்டில் ஒரு முனையில் பல் முளைக்காத வாயும் மறுமுனையில் பல் விழுந்த வாயும் இருக்கும். ஆமையின் ஆயுளுக்குள் அந்தக் குழந்தையே கிழமாகிவிடும். இரண்டு வாயும் சொல்லக்கூடியவை பகரமும் மகரமும். இரண்டு உதடு இருந்தால் போதும். ழகரமும் றகரமும் ஷகரமும் இடைக்காலத்தில் சில வருஷங்கள் மட்டும் நமக்குக் கைவருகிற ஆடம்பரங்கள்.

சென்ற ஆண்டு என் மூத்த மகள் வீட்டுக்கு உள்ளங்கையளவு சுல்காட்டா ஒன்று வந்தது. மாப்பிள்ளை 'டர்போ' என்றார், காரணத்தோடு நிராகரித்தேன். மகள் 'ரித்விஷ்' என்றாள். எண்பத்து நான்கு வயதான என் மாமியார் சொல்ல முயன்று, வெற்றிலை எச்சில்தான் மிச்சம். மாப்பிள்ளையின் தம்பி 'பாபி' என்றார். மலாய்க்காரர் வேலிக்கு அப்பால் குடியிருக்கும் தாமானில் பன்றியைக் குறிக்கும் சொல்லை நாள்தோறும் கூவலாகாது என்பது அவருக்கே உடனே உறைத்தது. அப்போது நான், இத்தருணத்துக்காகவே சேமித்து வைத்திருந்த 'மாமை' என்ற சொல்லை எடுத்துவைத்தேன். சங்கப் புலவர் மாந்தளிர் நிற அழகுக்கு வழங்கிய சொல், முழுதும் மகரம், ஐகார ஈறு, உள்ளே ஆமையும் ஒளிந்திருக்கிறது. இதற்குமேல் ஒரு பெயர் உண்டா? இரண்டு நாள் சபை என் வசம் இருந்தது. மூன்றாம் நாள், "மாமைக்கு வாடின கீரையே போதும்" என்று சமையலறையிலிருந்து எழுந்த குரல், கூடத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மாமி காதில் வேறு விதமாக விழுந்தது. அந்த அம்மாளைச் சமாதானப்படுத்த ஒரு மாலை முழுதும் ஆயிற்று.

முடிவில் பெயரிட்டவள் இரண்டு வயதுப் பேத்தி என்றுதான் சொல்ல வேண்டும். ஆமை மண்ணைத் தோண்டி முகமெல்லாம் புழுதியாக நின்றதைப் பார்த்து யாரோ "பூமிக்குள்ளேயே போய்விடும் போலிருக்கிறது" என்றார்கள். அவள் 'பூமி' என்று பிடித்துக்கொண்டாள். உரைகல்லில் உரசிப் பார்த்தேன். இரண்டும் உதட்டெழுத்து, மாமியார் சிரமமில்லாமல் சொன்னார். பூமிக்கு, பூமியை, பூமியின் என்று உருபுகள் வழுக்கிக்கொண்டு ஏறின. பூமி வந்தது என்றால் எவர் காதும் உறுத்தாது. வடமொழியிலிருந்து நமக்கு வந்த அதே சொல் மலாய்க்காரருக்கும் வந்திருப்பதால், பக்கத்து வீட்டு மக்சிக் வேலிமேல் எட்டி "பூமி மானா?" என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் உள்ள வேடிக்கை விளக்கம் கேட்கிற வேடிக்கையன்று. "பூமியைக் காணோம்", "பூமி கட்டிலுக்கடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது", "பூமியைக் கொஞ்சம் நகர்த்து, பெருக்க வேண்டும்" என்று அன்றாடப் பேச்சு தானாகவே சிரிப்பை உண்டாக்குகிறது. அடுத்த தலைமுறையின் வாயிலும் அந்த வாக்கியங்கள் இப்படியே பிறக்கும்.

உங்களிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் உறங்கிய பகல் வேளைகளில் வேலியோரம் நாற்காலி போட்டுக்கொண்டு, அதனிடம் குனிந்து, "மாமையே" என்று நான் அழைத்துப் பார்ப்பதுண்டு. கண்பார்வையும் மோப்பமும் போய்விட்ட ஜோனதன்கூடத் தன் வைத்தியரின் குரலை அறியும் என்று படித்ததிலிருந்து எனக்கு இந்த நப்பாசை. அது திரும்புவதில்லை. "பூமியே" என்றும் அழைத்துப் பார்த்தேன்; அதற்கும் திரும்பவில்லை. என் மானம் தப்பியது.