வார்டுக்குள் சாம்பு வரட்டும்

‘வாசிப்பே மருந்து’ என்ற வாசகம் இப்போது புத்தகக் கண்காட்சி மேடைகளில் தவறாமல் அடிபடுகிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி மருத்துவமனைக்குப் புத்தகம் கொடுக்கக் கிளம்புகிறவர்கள் எதைக் கொண்டுபோகிறார்கள் என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. எழுந்து நில், வென்று காட்டு, எண்ணம் மாறினால் எல்லாம் மாறும் என்று அட்டையிலேயே அதட்டும் நூல்கள். தொடை எலும்பு முறிந்து படுத்திருப்பவனிடம் எழுந்து நில் என்று சொல்லும் புத்தகத்துக்கு முதலில் கண் வேண்டும். அந்த வகை நூல்களின் அடிப்படை வாதமே, உன் நிலைக்கு நீதான் காரணம் என்பது. கடைக்காரருக்கும் தேர்வு எழுதுகிறவருக்கும் அது ஒருவேளை உதவலாம். நோயாளிக்கு அது குற்றச்சாட்டு.

மருத்துவமனை வாசிப்பின் வரலாற்றைப் புரட்டினால் இந்த அதட்டல் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியும். முதல் உலகப்போர் தொடங்கிய 1914இல் லண்டனில் மே காஸ்கெல் என்ற பெண்மணி, காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் போர் நூலகம் ஒன்றைத் தொடங்கினார். வீட்டு அலமாரிகளிலிருந்து மலை மலையாகப் புத்தகம் வந்து குவிந்தது. சிப்பாய்கள் விரும்பிக் கேட்டதோ துப்பறியும் கதையும் சாகசக் கதையும். புத்தகத்தைத் தூக்கவே தெம்பில்லாதவர்களுக்குத் துணுக்கு, படம், குட்டிக் கதை ஆகியவற்றை வெட்டி ஒட்டி மெல்லிய ஏடுகள் செய்துகொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்காவில் சாமுவேல் குரோதர்ஸ் வாசிப்பு மருத்துவம் என்ற பெயரைப் புழக்கத்தில் விட்டார், அதுவும் நகைச்சுவை தோய்ந்த ஒரு கட்டுரையில். பின்னால் வந்தவர்கள் நகைச்சுவையைக் கழற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் ரங்கநாதனைச் சொல்லாமல் நகர முடியாது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்ற விதியை அவர் அச்சிட்ட அதே 1931இல்தான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் கனகசபையின் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. புத்தகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பதைச் சக்கரம் வைத்துக் காட்டிய வண்டி அது. 1948இல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டமே வந்துவிட்டது. கிளை நூலகம் பெருகியது, நூலக வரி வந்தது. இதெல்லாம் வாசகர்கள் அறிந்ததே. வண்டியில் என்ன ஏற்ற வேண்டும் என்பதற்கான விடை நூலக இயக்கத்தைவிட நம் வாரப் பத்திரிகைகளிடம்தான் இருந்தது. விமர்சகர்கள் அங்கே தேடவில்லை, அவ்வளவுதான்.

1940கள் முதல் எழுபதுகள் வரை விகடன், கல்கி, குமுதம் வந்த வீடுகளில் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணும் பழக்கம் இருந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்ணும் காய்ச்சலில் கிடந்த தாத்தாவும் படித்தது அந்த பைண்டு வால்யூம்களைத்தான். கதையோடு அந்த வாரத்து ஜோக்கும் விளம்பரமும் சேர்ந்து வரும். அரைப் பக்கம் படித்துத் தூங்கிப்போனாலும் நஷ்டமில்லை. இந்தப் பத்திரிகை மரபின் மிகச் சிறந்த கைகளில் ஒன்று தேவனுடையது. 1957இல், 44 வயதுகூட நிறையாமல் போய்ச் சேர்ந்த அந்த மனிதரைத் தமிழ் விமர்சனம் ‘பொழுதுபோக்கு’ என்ற மூலையில் உட்கார வைத்துவிட்டு மறந்தது. துப்பறியும் சாம்பு கதைகளின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக முடியும். முந்தையதைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு அசடு, அவன் உளறல், அந்த உளறலே குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பது. முடிவு நல்லபடியாக இருக்கும் என்பது முதல் வரியிலேயே தெரியும். வலியில் இருப்பவருக்கு ஒரு கதையிடம் வேறென்ன வேண்டும்? 1963இல் குமுதத்தில் பாக்கியம் ராமசாமி இறக்கிய அப்புசாமியும் சீதாப்பாட்டியும் இதே குணம் உள்ளவர்கள். அம்புலிமாமாவின் வேதாளமும் அப்படியே: ஒரு கதை, ஒரு கேள்வி, மறுபடி முருங்கை மரம்.

பிறகு வந்தது தொண்ணூறுகளின் முன்னேற்ற நூல் அலை. அதைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை. அதற்கு எதிர்க்கரையில் நின்று ‘நோயாளிக்கும் நல்ல இலக்கியமே தர வேண்டும்’ என்கிறார்களே, அவர்கள் செய்வதும் அதே பிழைதான். புதுமைப்பித்தன் மேதை. அதற்காக அவரை அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு ஒருவர் தலைமாட்டில் வைக்க வேண்டுமா?

இந்த வாதத்தை ஒரு வார்டில் வைத்துப் பார்க்க அரியலூர்ப் பக்கம் போவோம். செந்துறை வட்டத்து ஆலத்தியூர் சிமென்ட் ஆலையாலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களாலும் அறியப்பட்ட ஊர். அங்கிருந்து பெரிய வைத்தியத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு 2022 முதல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இன்னும் சிலர் பெரம்பலூருக்குப் போகிறார்கள். லாரியும் பைக்கும் ஓடும் இந்தச் சாலைகளில் விழுந்து எலும்பு முறிந்த ஒருவரை எலும்பு வார்டில் நினைத்துப் பாருங்கள். கட்டில் கட்டிலாகத் தள்ளிக்கொண்டு போகும் புத்தக வண்டி ஒன்று வார்டுக்குள் வந்தால், அதற்கு முதல் வாசகர் அவர்தான். காய்ச்சல்காரருக்குத் தலை சுற்றும், நெஞ்சுவலிக்காரருக்குப் பயம் இருக்கும். இவருக்கோ புத்தி தெளிவாக இருக்கிறது, கால் மட்டும் எடை கட்டித் தொங்குகிறது, நாட்கள் வாரங்களாக நீள்கின்றன.

அவர் எப்படிப் படிப்பார்? மல்லாந்து படுத்தபடி புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான். 600 பக்கக் கெட்டி அட்டை நூல் முக்கால் கிலோவாவது இருக்கும். ஐந்து நிமிடத்தில் தோள் கடுக்கும், கை தளர்ந்தால் மூக்கில் விழும். 160 பக்க சாதா அட்டை நூல் சுமார் 200 கிராம். இதைக் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். ஆனால் ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தால் மறு கை ஒன்றாலேயே பிடித்துப் பக்கமும் திருப்ப வேண்டும். முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகம் விட்டால் மூடிக்கொள்ளும். நடுவில் பின் அடித்த 32 பக்கப் புத்தகம் விரித்தபடி கிடக்கும், 50 கிராம்கூட வராது. எழுத்தும் பெரிதாக வேண்டும். நம் நூல்கள் பெரும்பாலும் 11 புள்ளி அளவில் வருகின்றன. மங்கலான வார்டு விளக்கில், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவருக்கு 16 புள்ளியாவது இருந்தால்தான் வரி தெரியும். ஆக, எந்த ஆசிரியர் என்ற கேள்விக்கு முன்பே தராசும் அளவுகோலும் பாதி நூல்களைக் கழித்துவிடுகின்றன. பொன்னியின் செல்வன் எனக்கும் பிடிக்கும், ஆனால் வண்டியில் வேண்டாம். முதல் பாகம் முடியும் முன் நோயாளிக்கு டிஸ்சார்ஜ் எழுதிவிடுவார்கள். இருந்துவிட்டாலோ, இரண்டாம் பாகத்தைப் பக்கத்து வார்டுக்காரர் வைத்திருப்பார்.

நான் இவ்வளவு பரிந்து பேசும் நகைச்சுவைக்கும் ஒரு தடை உண்டு. வயிற்றில் அறுவை செய்தவர்களுக்கு, சிசேரியன் ஆன பெண்களுக்கு, சிரித்தால் தையல் இழுக்கும், உயிர் போகிற மாதிரி வலிக்கும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். முதல் சில நாட்கள் அந்தப் படுக்கைகளுக்கு சாம்புவைத் தள்ளிவைக்க வேண்டும். அங்கே ரமணிசந்திரன் போகலாம். இலக்கியக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். அந்த நாவல்களில் வீடு இருக்கிறது, சமையல் இருக்கிறது, கோபித்துக்கொண்டவர்கள் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதி இருக்கிறது. பொழுது விடிந்தால் ஸ்கேன் முடிவு என்னவோ என்று காத்திருக்கும் பெண்ணுக்கு, முடிவு தெரிந்த ஒரு கதை பெரிய ஆறுதல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேவனின் உலகம் மயிலாப்பூர் வாசனை வீசும் உலகம். சுரங்கத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்தப் பேச்சு அந்நியமாகப் படலாம். அவருக்கு கி.ரா. தொகுத்த நாட்டுப்புறக் கதைகள் உடனே ஒட்டும், பெருந்தொகுப்பாகக் கொடுக்காமல் சிறு நூலாகக் கொடுத்தால்.

படிக்கவே தெரியாதவர்கள்? 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. அரியலூர் மாவட்டம் அதற்கு நன்றாகக் கீழே இருந்தது, பெண்களிடம் இன்னும் கீழே. கோபுலுவின் வசனமில்லாத ஜோக்குகளை அச்சுக் காகிதத்தில் பெரிதாக்கி ஒட்டிய ஏடு ஒன்று வண்டியில் இருந்தால் அவர்களும் கை நீட்டுவார்கள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துக் கிடக்கும் உடனாள், பள்ளி முடித்த பேத்தியாகவோ மருமகளாகவோ இருந்தால், ஒரு குட்டிக் கதையை உரக்கப் படிக்கலாம். கண் அறுவை செய்தவருக்கும் இதுவே வழி. பல வார்டுகளில் நோயாளியைவிட அதிகம் சலித்துப்போயிருப்பவர் அந்த உடனாள்தான். வண்டி அவருக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 படுக்கைக்கு 80, 100 நூல் தாராளம். அகலம் இரண்டடிக்கு மேல் போனால் கட்டில்களுக்கு இடையே நுழையாது. தட்டு சாய்வாக, அட்டை முகம் தெரியும்படி இருக்க வேண்டும். முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் படுத்திருப்பவர் தலையைச் சாய்த்தா படிப்பார்? ஐந்தங்குல ரப்பர் சக்கரம், அதில் பிரேக். காலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ், மாலையில் பார்வையாளர் கூட்டம், ஆகவே பிற்பகல்தான் நேரம். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டாலும் வார்டு சிஸ்டர் மனசு வைத்தால்தான் வண்டி உள்ளே நகரும்.

தொற்று விஷயத்தில் சமரசம் கூடாது. காசநோய், தனிமைப்படுத்தல், தீக்காய வார்டுகளுக்கும் ஐ.சி.யு.வுக்கும் வண்டி போகக் கூடாது. அங்கே யாராவது கேட்டால் சிஸ்டரிடம் கேட்டுவிட்டுப் புதுப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து, திரும்ப வாங்காமல் விட்டுவிட வேண்டும். லேமினேட் செய்த அட்டையைச் சாராயத் திரவம் நனைத்த துணியால் துடைக்கலாம், உள்தாளைத் துடைக்க முடியாது. எனவே ரத்தமோ சீழோ பட்ட நூல் குப்பைக்குத்தான், அதுவும் மருத்துவக் கழிவுத் தொட்டிக்கு. பூசணம் பிடித்த பழைய நூல்கள் இன்னும் மோசம். பூசணத் துகள் நோயெதிர்ப்பு குறைந்தவர்களின் நுரையீரலைத் தாக்கும். பக்கத்தைப் புரட்டி முகர்ந்து பாருங்கள், பரண் வாசனை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நன்கொடை மூட்டையைப் பிரித்தால் போட்டித்தேர்வு வழிகாட்டி, போன வருஷ ராசிபலன், மேற்சொன்ன அதட்டல் நூல்கள் என்று வரும், கழித்தபின் தேறுவது கொஞ்சம்தான். நூல்கள் காணாமலும் போகும். பாதியில் இருந்த கதையை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போனார் என்றால் அந்த நூல் வேலை செய்திருக்கிறது. பதிவேடு போட்டு அவரைத் துரத்த வேண்டியதில்லை.

மிச்சமிருக்கும் தடை பதிப்பகங்களிடம் இருக்கிறது. கிளாசிக் என்று சொல்லித் தேவனையும் மற்றவர்களையும் கெட்டி அட்டைத் தொகுதிகளாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். உரிமையுள்ள பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாம்பு கதைகளையும் அப்புசாமியையும் இரண்டிரண்டு கதையாகப் பிரித்து, 16 புள்ளி எழுத்தில், 32 பக்கத்தில், நடுவில் பின் அடித்துப் போடுங்கள். ஒரு டீ விலைக்கு மேல் கொஞ்சம் வைத்தாலும் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறது.