முடிந்தவர்கள் முடிந்த நாட்களில்: ஒரு தன்னார்வ அழைப்பின் திறனாய்வு

பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தருபவர்களைத் திரட்டும் வாட்ஸ்அப் குழுக்களில், பருவத் தேர்வு நெருங்கும்போது வழக்கமாக வரும் அழைப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அனைவருக்கும் வணக்கம். நம் கல்லூரியில் பயிலும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஒன்பது பேருக்கு நவம்பர் 10, 12, 14, 17, 19 ஆகிய தேதிகளில் பருவத் தேர்வு நடைபெறுகிறது. நேரம் காலை 10 முதல் 1 மணி வரை. தேர்வு எழுதித் தர நல்ல உள்ளங்கள் தேவை. முடிந்தவர்கள் முடிந்த நாட்களில் வந்து உதவலாம். விருப்பமுள்ளவர்கள் 5ஆம் தேதிக்குள் குழுவில் பெயரைப் பதிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் சிறு உதவி அவர்கள் வாழ்வில் பெரிய ஒளி.”

படித்ததும் குறை சொல்லத் தோன்றாத அழைப்புதான். தேதிகளும் நேரமும் இருக்கின்றன, பதில் சொல்லக் கெடுவும் இருக்கிறது. யாரையும் அதட்டவில்லை, போன முறை வராதவர்களைக் குத்திக்காட்டவில்லை. மாணவர்களின் பெயர்களை வெளியிடாத நாகரிகமும் உண்டு. பணிவும் தெளிவும் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் இதற்கு நல்ல மதிப்பெண் தரலாம். ஆனால் இப்படியொரு அழைப்பின் வேலை பெயர்களைச் சேர்ப்பதோடு முடிவதில்லை. தேர்வு நாளன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒவ்வொரு மாணவர் பக்கத்திலும் தகுதியான ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இதை அந்த ஒரே அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

முதலில் நேரம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசு 2018இல் வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல்கள் சொல்லின. ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிறது. பத்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்குத்தான் முடியும். அனுமதிக் கடிதம் சரிபார்ப்பு, அறை தேடுதல், மாணவரோடு நாலு வார்த்தை பேசிக்கொள்ளுதல் எல்லாம் சேர்த்தால் ஒன்பதேகாலுக்கே வந்துவிட வேண்டும். அழைப்பு கேட்பது மூன்று மணி நேரம். வேலைக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ ஐந்து. ஒன்றரை மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டிய ஓர் அம்மா, ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்று நம்பிப் பெயர் கொடுத்திருப்பார். கடைசி ஒரு மணி நேரத்தில் அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். மாணவர் அதை அவர் குரலிலேயே கேட்டுவிடுவார். யோசித்துச் சொல்ல வேண்டிய பத்து மதிப்பெண் வினாவை அவசரமாகச் சொல்லி முடிப்பார். யாரும் பொய் சொல்லவில்லை. கல்லூரியின் தேர்வு அட்டவணையில் இருந்த நேரத்தை அப்படியே எடுத்து எழுதியதால் வந்த வினை இது.

அடுத்தது தகுதி. இதைப் பற்றி அழைப்பில் ஒரு சொல்கூட இல்லை. மாணவர் தாமே அழைத்து வரும் ஸ்கிரைப், அந்த மாணவரின் படிப்புக்கு ஒரு படி கீழே படித்தவராக இருக்க வேண்டும் என்பது அதே 2018 வழிகாட்டுதல்களில் இருந்த விதி. இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறுகிறது. கண்டிப்பாகப் பார்க்கும் இடத்தில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், நல்ல கையெழுத்தும் நிறைய நேரமும் உள்ளவர், வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவார். அந்த நேரத்தில் மாணவருக்கு வேறு ஆள் கிடையாது. வந்தவருக்கு அவமானம், மாணவருக்கு அரியர். அழைப்பில் ஒரு வரி சேர்த்திருந்தால் இரண்டையும் தவிர்த்திருக்கலாம்.

தகுதியோடு மொழியும் வருகிறது. தமிழ்வழியில் படிக்கும் வரலாற்று மாணவர் சொல்வதை நான்கு மணி நேரம் தமிழில் எழுத வேண்டும். நகரத்தில் தமிழ் சரளமாகப் பேசும் இளைஞர்கள் பலர் தமிழில் ஒரு பக்கம் எழுதவே திணறுகிறார்கள். ஆங்கிலவழி வணிகவியல் மாணவருக்கோ ஐந்தொகைக் கட்டங்களைப் போடத் தெரிந்தவர் வேண்டும். பொருளியல் தாளில் தேவைக்கோட்டை வரையச் சொன்னால் வரையத் தெரிய வேண்டும். ‘எழுதித் தர வேண்டும்’ என்ற பொதுச்சொல்லுக்குள் இந்த வேறுபாடுகள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. ஒரே மாணவர் வெவ்வேறு தாளுக்கு வெவ்வேறு ஆளை வைத்துக்கொள்ள அந்த வழிகாட்டுதல்கள் இடம் தந்தன, அதிலும் மொழித்தாள்களைக் குறிப்பாகச் சொல்லி. ஆகவே எந்தத் தாளுக்கு எந்த மொழி என்று பிரித்துக் கேட்பதற்குத் தடை ஏதுமில்லை.

இப்போது இந்த அழைப்பின் நடுநாயகமான வாக்கியத்துக்கு வருகிறேன்: ‘முடிந்தவர்கள் முடிந்த நாட்களில் வந்து உதவலாம்.’ இதை எழுதியவரின் மனம் எனக்குப் புரிகிறது. சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் கேட்கும்போது கட்டாயப்படுத்துவது போலத் தோன்றக் கூடாது என்ற கூச்சம் அது, நல்ல கூச்சம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்பது மாணவர், ஐந்து நாள், மொத்தம் 45 இருக்கைகள். குழுவில் இருபது பேர் ‘நான் வருகிறேன்’ என்று எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் பத்துப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். பார்ப்பவர்களுக்கு நிறைய ஆள் சேர்ந்துவிட்டதாகத் தெரியும். ஒருங்கிணைப்பாளருக்கோ 45இல் எத்தனை இருக்கை நிரம்பியது என்று சொல்ல முடியாது, ஒன்றுகூட நிரம்பாமலும் இருக்கலாம். 12ஆம் தேதி புதன்கிழமை, பொருளியல் மாணவர் மூவருக்குத் தமிழில் எழுத யார் வருகிறார்கள் என்ற கேள்விக்கு அந்த முப்பது பதில்களில் விடை இல்லை. இன்னொரு தீங்கும் உண்டு. இருபது பெயர்களைக் குழுவில் பார்த்த இருபத்தோராவது ஆள், தகுதியும் நேரமும் இருந்தும், தான் தேவையில்லை என்று ஒதுங்கிவிடுவார். எல்லாரையும் பார்த்துப் பொதுவாகக் கேட்கும் கேள்விக்கு, தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று எவருக்கும் படுவதில்லை.

தனியே கேட்டு, வாயால் பதில் வாங்குவதன் பலம் வேறு துறைகளில் சோதித்தறிந்த ஒன்று. உளவியலாளர் ராபர்ட் சியால்டினி சிகாகோ உணவகம் ஒன்றின் கதையைச் சொல்வார். மேசை பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் அங்கே 30 விழுக்காடு. ‘மாற்றம் இருந்தால் தயவுசெய்து அழையுங்கள்’ என்று சொல்லிவந்ததை, ‘மாற்றம் இருந்தால் அழைப்பீர்களா?’ என்று கேட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் காத்திருப்பதாக மாற்றினார்கள். வராதவர்கள் 10 விழுக்காடாகக் குறைந்தார்கள். பணிவில் இரண்டு வாக்கியங்களும் சமம்தான். முதலாவது தகவல் சொல்லி நின்றுவிடுகிறது, இரண்டாவது ‘சரி’ என்ற சொல்லை மறுமுனையிலிருந்து பெறுகிறது. நம் அழைப்பு முழுக்க முதல் வகையில் நிற்கிறது.

கெடுத் தேதியும் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பதில் 5ஆம் தேதிக்குள். முதல் தேர்வு 10ஆம் தேதி திங்கள். இடையில் 8 இரண்டாம் சனி, 9 ஞாயிறு. கல்லூரி அலுவலகம் திறந்திருப்பது 6, 7 இரண்டு நாட்கள்தான். அதற்குள் அடையாளச் சான்று, புகைப்படம், படிப்புச் சான்று எல்லாவற்றையும் வாங்கித் தேர்வுப் பிரிவில் ஒப்படைத்து அனுமதி பெற வேண்டும். தேர்வு நடத்தும் அமைப்பே ஸ்கிரைப் தரும்போது, மாணவர் அவரை இரண்டு நாள் முன்பே சந்தித்துப் பேசிப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்றன 2018 வழிகாட்டுதல்கள். தன் உச்சரிப்பு அவருக்குப் பிடிபடுகிறதா, வினாவை அவர் சரியாக வாசிக்கிறாரா என்று மாணவர் அறிந்துகொள்ளத்தான் இது. தன்னார்வலருக்கும் அதே தேவை உண்டு. இந்தக் கெடுவில் அதற்கு இடமே இல்லை.

கடைசி வாக்கியத்தை மென்மையாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை. நான்கு மணி நேரம், தன் அறிவைக் கொஞ்சமும் கலக்காமல், மாணவர் தவறாகச் சொன்னாலும் தவறாகவே எழுதும் ஒழுக்கத்தோடு செய்யும் வேலை சிறு உதவி அல்ல. சிறிது என்று சொல்லி அழைத்தால் அதைக் கைவிடுவதும் சிறிதாகிவிடும். ‘நல்ல உள்ளங்கள்’ என்பதும் இதே பழுதுடையதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு, விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்த பிறகு, ஸ்கிரைப் என்பது மாணவரின் உரிமை. தருமம் செய்கிறவர் எந்த நாளில் வேண்டுமானாலும் செய்யலாம். கடன்பட்டவர் சொன்ன நாளில் வந்தாக வேண்டும். மாணவர்களும் பெரும்பாலும் இதே குழுவில் இருக்கிறார்கள், திரைவாசிப்பான் அவர்களுக்கு இந்த வரியைப் படித்துக் காட்டும் என்பதையும் எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. நிபந்தனைகளை அடுக்கினால் வருகிற நாலு பேரும் பயந்து ஓடிவிடுவார்கள், முதலில் ஆர்வத்தை மூட்டுவோம், விவரத்தைப் போனில் பேசிக்கொள்வோம் என்று அனுபவமுள்ள ஒருங்கிணைப்பாளர்கள் சொல்வார்கள். ஆட்கள் குறைவார்கள் என்பது உண்மைதான். ஆனால் யார் குறைவார்கள்? ஒரு மணிக்கே போக வேண்டியவர், பட்டம் பெற்றதால் அனுமதி கிடைக்காதவர், தமிழில் வேகமாக எழுத வராதவர். இவர்கள் இப்போதே விலகினால் யாருக்கும் சேதமில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு விலகினால் ஒரு மாணவரின் ஆறு மாதம் போகிறது. போனில் பேசிக்கொள்வோம் என்பது ஒன்பது இருக்கைக்குச் சரிவரலாம். 45 இருக்கைக்கு ஓர் ஆள் இரண்டு நாளில் பேசி முடிக்க முடியாது.

ஆகவே என் தீர்ப்பு: பணிவில் தேறுகிறது, தேதி சொன்ன அளவில் தெளிவிலும் தேறுகிறது, வாக்குறுதி பெறும் கருவியாகத் தவறுகிறது. ஒட்டுப்போட்டால் போதாது, ஒரு நாளுக்கு ஓர் அழைப்பாகப் பிரித்து மறுபடி எழுத வேண்டும். பட்டதாரிகளை அனுமதிக்காத பல்கலைக்கழகம் என்று கொண்டால் 12ஆம் தேதிக்கு நான் இப்படி எழுதுவேன், அக்டோபர் 20 வாக்கில்:

“வணக்கம். நவம்பர் 12, புதன்கிழமை, இளங்கலைப் பொருளியல் மாணவர் மூவருக்குத் தமிழ்வழித் தேர்வு. சொல்வதைத் தமிழில் வேகமாகவும் தெளிவாகவும் எழுதக்கூடிய மூவரும், மாற்றாக ஒருவரும் வேண்டும். கோட்டுப்படம் ஒன்றிரண்டு வரைய நேரலாம். காலை 9.15க்குக் கல்லூரி வாயிலில் இருக்க வேண்டும். கூடுதல் நேரம் சேர்த்து 2 மணிக்கு முடியும். பிளஸ் டூ முடித்து, பட்டம் பெறாதவர்களை மட்டுமே தேர்வுப் பிரிவு அனுமதிக்கிறது. வர முடியுமென்றால் ‘12 தமிழ்’ என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள். நான் அழைத்துப் பேசுகிறேன், அதன் பிறகே உங்கள் பெயர் கல்லூரிக்குப் போகும். இடையில் ஏதாவது இடையூறு வந்தால் 10ஆம் தேதி மாலைக்குள் சொல்லிவிடுவீர்களா? மாற்று ஆள் இருக்கிறார், தயங்காமல் சொல்லலாம். இந்த நாள் நிரம்பியதும் குழுவில் தெரிவிக்கிறேன்.”

நீளம் கூடியிருக்கிறது, ஆனால் படித்து முடிக்கும்போது தன்னால் முடியுமா முடியாதா என்று ஒருவருக்குத் தெரிந்துவிடும். விலகுவதற்கு வழியும் நாளும் சொல்லியிருப்பதால், சொல்லாமல் காணாமல் போக வேண்டிய சங்கடமும் யாருக்கும் இல்லை. மாற்று ஆளுக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவைத்தால்தான் அந்த வரி மெய்யாகும். அந்த வேலையை ஒருங்கிணைப்பாளர் முதலிலேயே முடித்திருக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தாலும் தீராத ஒன்று இருக்கிறது. தேர்வுகள் வார நாள் காலையில் நடக்கின்றன. பிளஸ் டூ முடித்துப் பட்டம் பெறாமல், புதன்கிழமை காலை ஐந்து மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள் பெரும்பாலும் பக்கத்துக் கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்கள்தான். அவர்களுக்கும் அதே வாரத்தில் பருவத் தேர்வு இருக்கும். அந்தக் கல்லூரிகளின் தேர்வு அட்டவணையைக் கேட்டு வாங்கி, தேதி மோதாத வகுப்புகளுக்கு நேரே கடிதம் அனுப்பும் பொறுப்பு கல்லூரி நிர்வாகத்துடையது. குழுவில் போடும் எந்த அழைப்பும், எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும், அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது.