மிக்ஸி ஐசிங் சர்க்கரை: நறநறப்பு வேறு, கட்டி வேறு

தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் வரும்வரை, தியாகராய நகர் அடுக்ககங்களில் கேக் ஆர்டர் எடுக்கும் வீடுகளில் மிக்ஸி ஓயாது. பாண்டி பஜார் பக்கம் போனால் ஐசிங் சர்க்கரைப் பொட்டலம் கிடைக்கும்தான். ஆனால் சர்க்கரையும் கார்ன்ஃப்ளாரும் வீட்டிலேயே இருக்க, அதற்கென்று ஏன் படி இறங்க வேண்டும்? நியாயமான கேள்விதான். சிக்கல் பிறகு வருகிறது. அன்றைக்கு அடித்த பட்டர்கிரீம் நாக்கில் நறநறக்கிறது. மிச்சமான பொடி அடுத்த வாரம் டப்பாவில் பாறையாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்வார்கள்: "கார்ன்ஃப்ளார் பத்தல, இன்னொரு ஸ்பூன் போடு."

இந்த வைத்தியத்தில்தான் கோளாறு. நறநறப்பு அரைப்பில் வரும் குறை, கட்டி ஈரத்தால் வரும் குறை. அதைவிட, ஒன்றைத் தீர்க்கப் போனால் மற்றது வளரும்.

கடைச் சர்க்கரையின் பரல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். நாக்குக்கு மணல் தெரியாமல் இருக்க அது ஏறக்குறைய 30 மைக்ரானுக்குக் கீழே, அதாவது முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவாக நொறுங்க வேண்டும். மிக்ஸி பிளேடு பெரிய பரலை எளிதில் உடைக்கிறது. நொறுங்கியது காற்றோடு சுழன்று பிளேடில் படாமல் தப்பிவிடுகிறது. ஆலையில் பொடியைத் தரம் பிரித்து, பருமனானதை மறுபடி அரைப்புக்கு அனுப்புவார்கள். நம்மிடம் இருப்பதோ மைதா சல்லடை. அதன் கண் வழியே நறநறப்பு முழுவதும் தாராளமாக இறங்கிவிடும். அதனால் "சலித்தேனே" என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. நாட்டு மருந்துக்காரர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்களே, அதுபோல மெல்லிய துணியில் சலித்தால்தான் ஓரளவு பலன் உண்டு. மாவு சேர்ப்பதால் பரல் ஒரு துளியும் சிறுக்காது.

சரி, நன்றாகவே அரைத்தாயிற்று. இப்போது கட்டியின் முறை. பொடி மென்மையாக ஆக ஆக, காற்றுபடும் பரப்பு பெருகுகிறது. போதாததற்கு, பிளேடின் அடியில் பரலின் மேல்தோல் படிக ஒழுங்கு குலைந்துபோகிறது. முழுப் படிகம் ஈரத்தை இழுக்கக் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதவீதம் வேண்டும்; குலைந்த தோலுக்கு அதைவிட மிகக் குறைவாக இருந்தாலே போதும். ஈரம் வாங்கிய தோல் மெல்ல மறுபடி படிகமாகும்போது பக்கத்துத் துகளோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னைக் காற்றுக்கு இதெல்லாம் சர்வ சாதாரணம்.

கார்ன்ஃப்ளாருக்கு வேலை இங்கேதான். அது துகள்களுக்கு இடையில் புகுந்து ஒட்டவிடாமல் தடுக்கிறது, கொஞ்சம் ஈரத்தையும் தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் மாவே ஏற்கெனவே நமுத்திருந்தால் எதை வாங்கும்? மழைக்காலத்தில் வெறும் வாணலியில் சிறுதீயில் நிறம் மாறாமல் சூடாக்கி, ஆறவைத்துச் சேர்ப்பது நல்லது. அளவு, 200 கிராம் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி, சுமார் 8 கிராம். ஆலைப் பொடியிலும் ஏறக்குறைய 3 முதல் 5 சதவீதம்தான் இருக்கும். இதைத் தாண்டினால் வேகாத மாவின் சுண்ணாம்பு ருசி வாயில் ஒட்டும். அன்றைக்கே தீர்த்துவிடுவதானால் மாவே தேவையில்லை என்பேன்.

இந்த 200 கிராமை இரண்டு தடவையாகச் சின்ன ஜாரில், பாதிக்கு மேல் நிரப்பாமல் அரைக்க வேண்டும். அரை நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு மறுபடி ஓட்டலாம். ஜார் சுட்டால் ஆறட்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துவிடும். ஃபிரிஜ்ஜில் வைத்து எடுப்பதும் அப்படியே: குளிர்ந்த டப்பாவைத் திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் பொடிமேல் படியும். பதம் பார்க்க ஒரு சிட்டிகையை எண்ணெயில் குழைத்து முன்பற்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். தண்ணீரில் குழைத்தால் சர்க்கரை கரைந்து ஏமாற்றும், எண்ணெயில் கரையாது.

மாலாடு, நெய் பிஸ்கட், கேக் மாவு இவற்றுக்கெல்லாம் மிக்ஸிப் பொடி தாராளமாகப் போதும். மாலாட்டில் கொஞ்சம் நறநறப்பு ருசிகூட. பட்டர்கிரீமில்தான் குட்டு வெளிப்படும். வெண்ணெயில் நீர் ஆறில் ஒரு பங்குகூட இருக்காது. எவ்வளவு நேரம் அடித்தாலும் இத்தனை சர்க்கரையைக் கரைக்க அதனால் முடியாது. முட்டை வெள்ளையில் அடிக்கும் ராயல் ஐசிங்கில் பருமனான துகள் நாக்குக்கு முன்பே நாசிலில் அடைத்துக்கொள்ளும். மெல்லிய கோடு இழுக்கும் வேலைக்கு ஆர்டர் எடுத்திருந்தால், பாண்டி பஜாருக்கு நடப்பதே சிக்கனம்.