மிளகுத் தண்ணீரும் ஒரு சொட்டுக் கண்ணாடியும்

கடுகில் பாதிதான் இருக்கும் அந்தக் கண்ணாடி மணி. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துச் சிவப்பு வெங்காய மடலின் வெளிப்பக்கத்துத் தோலைப் பார்த்தேன். எங்கள் தாராவி லேபர் கேம்ப்பின் கோலிகளை மேலே நின்று பார்க்கிற மாதிரி, சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள் வரிசையாக விரிந்தன, ஊதா நிறம் நிரம்பி! யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த மணியைச் செய்ய வேண்டியதெல்லாம் போட்டோ பிரேம் கடையில் வெட்டிக் கழித்த கண்ணாடிச் சில்லும், நகைப் பற்றவைப்புக்கு வைத்திருக்கும் கேஸ் ஊதுகுழலும்தான். எங்கள் சந்தில் நகை வேலை செய்கிற அண்ணன்தான் எனக்குத் தீயைச் சொல்லிக்கொடுத்தார். "மஞ்சத் தீயில காட்டாத தம்பி, கரி ஏறிரும். நீல முனையில புடி" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. மஞ்சள் தீயில் உருகிய மணிக்குள் கரும்புள்ளிகள் நின்றுவிடும். சில்லைச் சட்டென்று தீக்குள் நீட்டினால் வெடித்துத் தெறிக்கும் என்பதால் ஓரத்தில் சூடேற்றி, மெல்ல உள்ளே கொண்டுபோக வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம். நடுப்பகுதி இளகியதும் தீயைவிட்டு வெளியே எடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் முடி மாதிரி இழை வரும். அந்த இழையின் நுனியை மறுபடி தீயில் காட்டுங்கள். நுனி தானாகச் சுருண்டு உருண்டையாகும். உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையே அதை வட்டமாக்குகிறது. அரைக்க வேண்டாம், மெருகு போட வேண்டாம். ஆனால் பெரிதாக வளரவிட்டால் எடை தாங்காமல் பேரிக்காய் வடிவத்துக்குத் தொங்கிவிடும்.

நல்ல மணியா என்று கண்டுபிடிப்பதும் சுலபம். டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். உள்ளே தலைகீழாகத் தெரியும் குட்டி விளக்கு கூர்மையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம், கலங்கலாகவோ கோணலாகவோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம்.

ராபர்ட் ஹூக் 1665இல் 'மைக்ரோகிராஃபியா' நூலின் முன்னுரையில் எழுதிவைத்த முறை இது! டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக்கும் இதைச் செய்திருக்கிறார். அவர் தன் ரகசியத்தைக் கடைசிவரை சொல்லவே இல்லை. உட்ரெக்ட்டில் இருக்கும் 266 மடங்கு பெரிதாக்கும் அவருடைய நுண்நோக்கியை நியூட்ரான் கதிர்களால் ஊடுருவிப் பார்த்து, உள்ளே இருப்பது இப்படி உருக்கிய மணிதான் என்று 2021இல்தான் கண்டுபிடித்தார்கள். துணிக்காரர்கள் இழை எண்ணக் கண்ணாடி வைத்திருப்பார்கள், கண்ணாடி வில்லைமேல் அவருக்கு ஆசை வந்ததும் அப்படித்தான் என்பார்கள். தையல் மிஷின் சத்தம் ஓயாத தாராவியில் இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இத்தனை சின்ன மணி எப்படி இவ்வளவு பெரிதாக்குகிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் 'ப்ளஸ் 2' என்று கொடுக்கிறார்களே, அந்த வில்லை வெயிலை அரை மீட்டர் தள்ளிக் குவிக்கும். வளைவு கூடக்கூட அந்தத் தூரம் குறையும், உருவம் பெரிதாகும். மெல்லிய வளைவுள்ள வில்லையை முன்னால் வைத்து, அதன் பின்னால் இன்னொன்றைப் பிடித்ததில் 1608இல் மிடில்பர்க் மூக்குக்கண்ணாடிக்காரர் லிப்பர்ஹே கையில் தொலைநோக்கி வந்தது. வளைவை எல்லைவரை கொண்டுபோனால் என் மணி. 1 மி.மீ. மணி அதன் மையத்திலிருந்து 0.73 மி.மீ. தூரத்தில் ஒளியைக் குவிக்கிறது. வெறும் கண்ணுக்கு வசதியான தூரம் 250 மி.மீ. என்று வைத்து வகுத்தால் ஏறத்தாழ 340 மடங்கு!

ஆனால் மையத்திலிருந்து மேற்பரப்புவரை அரை மி.மீ. போய்விடுகிறது, மிச்சம் 0.23 மி.மீ. இடைவெளிதான். மணியைத் தோல் துண்டில் பதிக்க முடியாததற்கு இதுவே காரணம். தோலின் கனமே அதைவிட அதிகம், பொருளை அருகில் கொண்டுவரவே விடாது. குளிர்பான டப்பாவின் தகடு அருமையாகப் பொருந்துகிறது. மணியைவிடச் சின்னதாக ஊசித் துளை போட வேண்டும். துளை பெரிதானால் மணியின் ஓரத்து ஒளியும் நுழைந்து உருவம் மங்கிவிடும். இழையின் வால் பக்கவாட்டில் படுத்திருக்கட்டும், பார்வைப் பாதையில் வரக் கூடாது.

பிறகு மிளகு! மிளகின் காரத்துக்குக் காரணம் தேடி லேவன்ஹூக் அதைத் தண்ணீரில் ஊறவைத்தார். நுண்ணிய முட்கள் நாக்கில் குத்துகின்றனவோ என்று அவருக்குச் சந்தேகம். 1676இல் அந்தத் தண்ணீரில் அவர் கண்டது முள் அல்ல, இன்று நாம் பாக்டீரியா என்கிற உயிர்கள். நானும் மளிகைக் கடை மிளகை ஊறப்போட்டேன். மேலே ஆடை படிந்ததும் ஒரு சொட்டு எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். துளித்துளியாகத் துடிக்கிறது, ஓடுகிறது, திரும்புகிறது! பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துவிட்டு, "யாத்தா, இது அத்தனையும் உசுராடா?" என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்.

தூசி மிதப்பதும் உயிர் ஓடுவதும் முதலில் ஒன்றுபோலத் தோன்றும். தூசி நின்ற இடத்திலேயே நடுங்கும், இல்லாவிட்டால் எல்லாத் துகளும் ஒரே திசையில் ஒழுகும். உயிர் பக்கத்தில் இருப்பதை முந்திக்கொண்டு வேறு திசையில் போகும்.

இப்போது அரை மி.மீ. மணிக்கு வந்திருக்கிறேன். அது ஏறத்தாழ 680 மடங்கு. இடைவெளி 0.11 மி.மீ.தான், ஆய்வுக்கூடத்து மூடிக் கண்ணாடியின் கனம்கூட அதைவிட அதிகம். அதனால் சொட்டைச் செல்லோ டேப்பால் மூடி, டேப் பக்கத்தை மணியோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறேன்.